வாரிசில்லாத சொத்து

1630களில் லண்டனுக்குச் சற்று வெளியே, தேம்ஸ் நதியின் தென்கரையில் உள்ள தெற்கு லாம்பெத் என்ற ஊரில், ஒரு தோட்டக்காரரின் வீட்டைப் பார்க்கக் கூட்டம் வந்துகொண்டிருந்தது. முற்றத்தில் திமிங்கிலத்தின் விலா எலும்புகள் இரண்டு கிடந்தன. உள்ளே போனால் பாடம் செய்த பறவைகள், விதவிதமான சங்குகள், அயல்நாட்டு ஆயுதங்கள், காலணிகள், செதுக்கிய பழக்கொட்டைகள். கடற்கன்னியின் கை என்று சொல்லி ஒன்றைக் காட்டினார்கள். வாசலில் ஆறு பென்ஸ் கொடுத்தால் போதும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அன்றைய கூலியாளுக்கு அது ஏறக்குறைய அரை நாள் சம்பளம். அதையும் கொடுத்து வந்தார்கள். அந்த வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் 'பேழை'. நோவா கட்டிய கப்பலைத்தான் சொல்கிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வேலையாக இந்தியா வரை வந்து திரும்பிய பீட்டர் மண்டி என்ற பயணி 1634இல் அங்கே ஒரு நாள் முழுக்கச் செலவிட்டார். வாழ்நாளெல்லாம் ஊர் சுற்றினாலும் காணக் கிடைக்காத அளவு அபூர்வங்களை அந்த ஓரிடத்தில் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று எழுதிவைத்தார். ஊர் சுற்றியே பிழைத்தவர் சொன்னது என்பதால் அதை வெறும் புகழ்ச்சியாகத் தள்ளிவிட முடியாது.

வீட்டுக்காரர் ஜான் டிரேட்ஸ்கன்ட். பிரபுக்களின் தோட்டங்களைப் பராமரிப்பது அவர் தொழில். முதலில் சாலிஸ்பரி பிரபுவிடம் வேலை பார்த்தார், பிறகு பக்கிங்காம் கோமகனிடம், கடைசியில் ராணியின் ஓட்லண்ட்ஸ் அரண்மனைத் தோட்டத்தில். புதிய செடிகளைத் தேடி 1618இல் ரஷ்யாவின் வடகோடியில் உள்ள ஆர்க்கேஞ்சல் துறைமுகம் வரை போனார். கடற்கொள்ளையரை ஒடுக்க அல்ஜியர்ஸுக்குப் புறப்பட்ட கப்பற்படையோடும் ஒரு தடவை போய் வந்தார். செடி தேடிப் போகும் இடத்தில் மற்றவையும் கண்ணில் படுமல்லவா? பையில் விதைகளோடு சங்கும் செருப்பும் சேர்ந்தன.

சேர்க்கும் வித்தையை அவர் நன்றாகக் கற்றது பக்கிங்காமிடம்தான். பக்கிங்காம் கடற்படையின் தலைமைத் தளபதி. அவர் சார்பில் 1625இல் டிரேட்ஸ்கன்ட் கடற்படைச் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். எந்தெந்த நாட்டுக்குக் கப்பல் விடும் வணிகர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்ற விவரம் அதில் இருக்கிறது. ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிறவர்கள் தந்தத்தோடு கூடிய யானைத் தலை ஒன்றும், கிடைப்பதிலேயே பெரிய நீர்யானைத் தலை ஒன்றும் கொண்டுவர வேண்டும். பறவைத் தோல், மீன், பாம்பு, காய்ந்த பழம் எல்லாம் வேண்டும். கடைசியில், விசித்திரமாகத் தெரிகிற எதுவானாலும் சரி என்று முடித்துவிட்டார். மூன்று வருடம் கழித்து 1628இல் பக்கிங்காம் கத்திக்குத்தில் இறந்தார். அதற்குள் தோட்டக்காரருக்கு மாலுமிகளும் கப்பல் முதலாளிகளும் நன்றாகப் பழகிவிட்டார்கள். அதை வைத்துத்தான் தன் வீட்டையே பேழை ஆக்கினார்.

இப்படிச் சேர்ப்பது அவர் கண்டுபிடித்த வழக்கமல்ல. ஐரோப்பாவில் அதற்கு முன்பே நூறு வருடப் பழக்கம் இருந்தது. நேப்பிள்ஸில் மருந்து வணிகர் ஃபெர்ரான்டே இம்பெராட்டோ தன் வீட்டு மேற்கூரையில் முழு முதலையையே தொங்கவிட்டிருந்தார். பிராகில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் அரண்மனை அறைகளை நிறைத்து வைத்திருந்தார். ஆனால் அரசர்களின் அறைக்குள் அவர்கள் கூட்டிப் போகிறவர்தான் போக முடியும். தோட்டக்காரர் அறையில் காசு கொடுத்தவர் எல்லோரும் போகலாம். அந்த வகையில் பொது மியூசியத்தின் பாதி வேலையை லாம்பெத் வீடு அப்போதே செய்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதிதான் கடினம். சேர்த்தவர் கண்ணை மூடிய பிறகு அதெல்லாம் யாருடையது? ருடால்ஃப் 1612இல் இறந்தார். 1648இல் பிராகுக்குள் நுழைந்த ஸ்வீடன் படை, அவர் சேர்த்ததில் பெரும் பகுதியை மூட்டை கட்டித் தங்கள் ராணிக்கு எடுத்துப் போய்விட்டது. அரசர் கதியே இதுவென்றால் சாதாரண ஆட்களின் தொகுப்புகளைக் கேட்கவே வேண்டாம். பிள்ளைகள் பங்கு போடுவார்கள், இல்லையென்றால் கடன்காரர்கள் ஏலம் விடுவார்கள். ஒரு தலைமுறை தாண்டுவதே பெரிய விஷயம்.

டிரேட்ஸ்கன்ட் குடும்பத்தில் அது ஒரு தலைமுறை தாண்டியது. தந்தை 1638இல் இறந்தபின், அதே பெயருள்ள மகன் ஜான், அதே தோட்ட வேலையையும் அதே வீட்டையும் ஏற்றுக்கொண்டார். அவர் வர்ஜீனியாவுக்குப் போய்வந்து செடிகளையும் பொருட்களையும் இன்னும் சேர்த்தார். அவருக்கு ஒரே மகன். அவன் பெயரும் ஜான். 1652இல் பத்தொன்பது வயதில் அவன் இறந்துபோனான். பேழைக்கு வாரிசு இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில்தான் இலையாஸ் ஆஷ்மோல் கதைக்குள் வருகிறார். குதிரைச் சேணம் செய்பவரின் மகன். வழக்கறிஞர் ஆனார், மன்னர் கட்சியில் நின்றார், தன்னைவிட இருபது வயது மூத்த பணக்கார விதவையை மணந்தார், சோதிடத்தில் மூழ்கினார். பழைய நாணயங்கள் என்றால் உயிர். 1650இல் மனைவியோடு லாம்பெத் வீட்டைப் பார்க்க வந்தவர் அதோடு அந்த வீட்டுக்குப் பழக்கமானார். மகன் இறந்த துக்கத்தில் இருந்த டிரேட்ஸ்கன்டிடம், இருப்பதையெல்லாம் எழுதி ஒரு புத்தகமாகப் போடலாம் என்று யோசனை சொன்னார். மருத்துவர் தாமஸ் வார்ட்டனோடு சேர்ந்து அவரே பொருட்களைப் பார்த்துப் பட்டியல் எழுத உதவினார். அச்சுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். 1656இல் 'மூசேயம் டிரேட்ஸ்கன்டியானம்' வெளிவந்தது. இங்கிலாந்தில் அச்சான முதல் மியூசியம் பட்டியல் அதுதான்.

அந்தப் பட்டியலைப் படித்தால் சிரிப்பும் வியப்பும் மாறி மாறி வரும். ஃபீனிக்ஸ் பறவையின் வால் இறகுகள் இரண்டு. இரண்டு அங்குல நீளத்துக்கு ஒரு டிராகன். ஒயிட் தீவில் பெய்த ரத்த மழையின் ரத்தம், அதற்குச் சாட்சி சொல்ல ஒரு பிரமுகர் பெயர் வேறு. இவற்றுக்கு நடுவில், கொஞ்சமும் குரலை உயர்த்தாமல், வர்ஜீனியாவின் பவ்ஹாட்டன் அரசரின் சிப்பிகள் தைத்த தோல் ஆடை. மொரீஷியஸ் தீவிலிருந்து வந்த டோடோ பறவை, உடல் பெரிதாக இருப்பதால் பறக்க முடியாதது என்ற குறிப்போடு. முதல் மூன்றும் கட்டுக்கதை, பின்னவை இரண்டும் உண்மை. எழுதியவர்களுக்கு எல்லாம் ஒரே வரிசைதான். ஏமாளிகள் என்று சொல்லிவிட முடியாது. நீர்யானையையும் டோடோவையும் நேரில் தொட்டுப் பார்த்தவர்களுக்கு ஃபீனிக்ஸ் மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

பட்டியல் அச்சானதும் தொகுப்பின் தன்மையே மாறிவிட்டது. அதுவரை அது ஒரு வீட்டில் குவிந்து கிடந்த சாமான். இப்போது வரிவரியாக எண்ணிப் பார்க்கவும், கைமாற்றவும், வழக்கு போடவும் முடிகிற ஒரு சொத்து. ஆஷ்மோல் வழக்கறிஞர் என்பதை மறந்துவிடக் கூடாது.

1659 டிசம்பர் 16ஆம் தேதி மாலை ஐந்தரை மணிக்கு டிரேட்ஸ்கன்டும் அவர் மனைவி ஹெஸ்டரும் தங்கள் அபூர்வங்கள் அனைத்தையும் ஆஷ்மோலுக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். மணி எப்படித் தெரியும் என்றால், ஆஷ்மோல் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். சோதிடருக்கு நேரம் முக்கியம். ஒப்படைத்ததன் அடையாளமாக எலிசபெத் ராணி காலத்து ஷில்லிங் ஒன்றும் கைமாறியது. கணவனும் மனைவியும் உயிரோடு இருக்கும்வரை பொருட்கள் அவர்களிடமே இருக்கும். அதற்குப் பிறகு ஆஷ்மோலுக்கு.

ஹெஸ்டர் பிற்பாடு சொன்னது வேறு கதை. கையெழுத்துப் போட்டபோது கணவர் போதையில் இருந்தார், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று சரியாகப் புரியவில்லை என்றார். தன்னிடம் இருந்த பத்திரத்தை அவர் அழித்தும் விட்டார். 1661இல் டிரேட்ஸ்கன்ட் எழுதிய உயிலில் ஆஷ்மோலின் பேச்சே இல்லை. எல்லாம் மனைவிக்கு. அவர் காலத்துக்குப் பிறகு ஆக்ஸ்ஃபர்டு அல்லது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு, எது என்பதை ஹெஸ்டரே முடிவு செய்யலாம். அதாவது இந்தப் பொருட்கள் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும் என்ற எண்ணத்தை எழுத்தில் வைத்தவர் தோட்டக்காரர். இன்று ஆக்ஸ்ஃபர்டில் அந்தக் கட்டடத்துக்கு அவர் பெயர் இல்லை.

1662 ஏப்ரலில் டிரேட்ஸ்கன்ட் இறந்தார். அடுத்த மாதமே ஆஷ்மோல் சான்சரி நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். இரண்டு வருடம் கழித்து, 1664இல், கிளாரண்டன் பிரபு ஆஷ்மோல் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஹெஸ்டர் உயிரோடு இருக்கும்வரை பொருட்களை வைத்திருக்கலாம், ஆனால் இன்னொருவர் சொத்தைப் பாதுகாப்பவராக மட்டுமே. எதுவும் குறையவில்லையா என்று பார்க்க ஒரு குழுவையும் போட்டார்கள். கையில் 1656ஆம் ஆண்டுப் பட்டியல். குழுவில் இருந்தவர்களில் எட்வர்டு பிஷ், வில்லியம் டக்டேல் இருவரும் ஆஷ்மோலைப் போலவே அரசவைச் சின்னங்களுக்கான அதிகாரிகள். நாலு வருடம் கழித்து டக்டேலின் மகளை ஆஷ்மோல் மூன்றாம் தாரமாக மணந்தார். நீதிமன்றம் நியமித்த நடுநிலையாளர்கள்தான், ஆனால் ஹெஸ்டர் எப்படி உணர்ந்திருப்பார் என்பதை யோசித்துக்கொள்ளலாம்.

1674இல் ஆஷ்மோல் பக்கத்து வீட்டையே வாடகைக்கு எடுத்தார். அந்த ஆண்டே பொருட்களில் பெரும்பாலானவை மதில் தாண்டி அவர் வீட்டுக்குப் போய்விட்டன. ஹெஸ்டர் ஊரெல்லாம் பேசினார். 1676 செப்டம்பரில் அவரை ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். அதில் ஒரு வரி இன்று படித்தாலும் நெருடும். ஆஷ்மோல் தோட்டத்து மதிலை ஒட்டி நான் மண்ணும் குப்பையும் உயரமாகக் குவித்து வைத்திருந்தேன், அதன் மேல் ஏறித் திருடர்கள் குதித்து முப்பத்திரண்டு கோழிகளைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அந்த விதவை ஒப்புக்கொள்கிறார். உலகின் பெரிய மியூசியங்களில் ஒன்றின் பூர்வீக ஆவணங்களில் கோழித் திருட்டும் ஒன்று. 1678 ஏப்ரல் 4ஆம் தேதி ஹெஸ்டர் தன் தோட்டத்துக் குளத்தில் மூழ்கி இறந்து கிடந்தார். எப்படி என்பது தெரியவில்லை. ஆஷ்மோல் அதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார்.

அவரை வில்லனாக்கிவிடுவது எளிது. பலர் ஆக்கியும் இருக்கிறார்கள். ஆனால் அவருக்கும் பிள்ளை இல்லை. அவர் நினைத்திருந்தால் பெட்டி பெட்டியாக விற்றிருக்கலாம். ஹெஸ்டர் உயிரோடு இருந்த 1677இலேயே அவர் ஆக்ஸ்ஃபர்டுக்கு எழுதி, எல்லாவற்றையும் தருகிறேன், தகுந்த கட்டடம் ஒன்றை நீங்கள் கட்ட வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். அந்த நிபந்தனைதான் திருப்புமுனை என்று நினைக்கிறேன். கட்டடம் இல்லாமல் ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தானம் கொடுத்தால், அது ஏதோ ஒரு நூலகத்தின் மூலையில் முடங்கிவிடும்.

பல்கலைக்கழகம் 1679இல் வேலையைத் தொடங்கி, 4,500 பவுண்டுக்கு மேல் செலவழித்து, ஷெல்டோனியன் அரங்குக்குப் பக்கத்தில் மூன்று தளக் கட்டடம் ஒன்றை எழுப்பியது. அதனால் ஏற்பட்ட கஷ்டத்தில் போட்லியன் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கவே சில வருடம் பணம் இல்லாமல் போயிற்றாம். கீழ்த்தளத்தில் வேதியியல் கூடம், நடுவில் விரிவுரைக் கூடம், மேல்தளத்தில் பொருட்கள். 1683 மார்ச்சில் பெட்டிகள் தேம்ஸில் படகேறின. மே மாதம் 21ஆம் தேதி, பின்னாளில் மன்னரான யார்க் கோமகன் ஜேம்ஸ் வந்து பார்த்தார். மூன்று நாள் கழித்துப் பல்கலைக்கழகத்தாருக்கும், பிறகு பொதுமக்களுக்கும் திறந்தார்கள். ராபர்ட் பிளாட் முதல் காப்பாளர்.

இதுதான் முதல் பொது மியூசியமா என்று கேட்டால் சுவிட்சர்லாந்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அமெர்பாக் குடும்பத்தின் தொகுப்பு ஆம்ஸ்டர்டாமுக்கு விலை போகும் நிலை வந்தபோது, பாசல் நகரமும் அங்குள்ள பல்கலைக்கழகமும் சேர்ந்து 1661இல் அதை வாங்கின, 1671இல் மக்களுக்குத் திறந்தன. ஆனால் மியூசியத்துக்கென்றே ஒரு கட்டடம், சம்பந்தப்பட்ட பாடம் நடத்த ஆசிரியர், சோதனைக்கூடம், எழுதி வைத்த விதிகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது ஆக்ஸ்ஃபர்டில்.

அந்த விதிகள் 1686இல் வந்தன. ஆண்டுக்கு ஒருமுறை மேற்பார்வையாளர்கள் வந்து பட்டியலோடு பொருட்களைச் சரிபார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு குழுவைத்தான் உள்ளே விட வேண்டும். எவ்வளவு நேரம் இருக்கிறார்களோ அதற்கேற்பக் கட்டணம். இந்தக் கடைசி விதிக்குப் பின்னால் ஒரு பணக் கணக்கு இருக்கிறது. ஆஷ்மோல் பொருட்களைக் கொடுத்தாரே தவிர, மியூசியத்தை நடத்தப் பணம் வைக்கவில்லை. காப்பாளரின் வருமானமே வாசலில் வசூலாகும் காசுதான். அதனால் காசு கொடுக்கிற யாரையும் திருப்பி அனுப்ப அவருக்கு மனம் வராது. ஏழை மியூசியம் என்பதாலேயே அது எல்லோருக்குமான மியூசியமாக இருந்தது.

அதன் விளைவை 1710இல் ஒரு ஜெர்மானியர் நேரில் பார்த்தார். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து வந்த உஃபென்பாக் என்ற படித்த கனவான் அவர். அவர் போன அன்று சந்தை நாள். கிராமத்து ஆண்களும் பெண்களும் மாடியெல்லாம் நிறைந்திருந்ததால் திரும்பிப் போய்விட்டார். இன்னொரு நாள் வந்தும் அவருக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆறு பென்ஸ் கொடுத்தால் பெண்களைக்கூட மேலே விடுகிறார்கள், அங்கும் இங்கும் ஓடி எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கிறார்கள், உதவிக் காப்பாளர் சொல்வதைக் கேட்பதில்லை என்று குறைபட்டு எழுதினார். அவருக்குக் குறை. சந்தைக்கு வந்த இடத்தில் மாடியேறி டோடோவைத் தடவிப் பார்த்த அந்தக் கிராமத்துப் பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர் எதுவும் எழுதிவைக்கவில்லை.

தொட்டால் பொருள் தாங்காது என்பது மட்டும் உண்மை. டோடோவையே எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் பறவையைப் பாடம் செய்யும் முறை மோசமானது. பூச்சியை முழுதாகத் தடுக்க அவர்களுக்கு வழி தெரியாது. கெட்டுப்போகும் பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று விதியிலேயே இடம் இருந்தது. 1755இல் டோடோவின் உடல் தேறாத நிலைக்கு வந்தபோது, தலையையும் ஒரு காலையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். பறவையைத் தீயில் தூக்கிப் போட்டார்கள், கடைசி நொடியில் யாரோ தலையைப் பிடுங்கிக் காப்பாற்றினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நடந்தது அதுவல்ல. காப்பாற்ற முடிந்ததைத் திட்டமிட்டே காப்பாற்றினார்கள். டோடோ இனம் அதற்குள் அழிந்து பல பத்தாண்டு ஆகிவிட்டிருந்தது. தோலும் சதையும் ஒட்டிய டோடோ உறுப்பு என்று உலகத்தில் இப்போது மிஞ்சியிருப்பது அந்தத் தலையும் அதிலிருந்து பிரித்தெடுத்தவையும்தான். 2018இல் வார்விக் பல்கலைக்கழகத்தில் அதை ஸ்கேன் செய்தபோது மண்டையோட்டின் பின்பக்கம் ஈயக் குண்டுகள் தெரிந்தன. லண்டனில் உயிரோடு காட்டி வந்த பறவைதான் செத்தபின் பேழைக்கு வந்தது என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். பின்னாலிருந்து சுட்டுக் கொன்றிருக்கிறார்கள் என்றதும் அந்தக் கதை ஆட்டம் கண்டது. 1656ஆம் ஆண்டுப் பட்டியலின் ஒரு வரியில் தொடங்கி, ஒரு வழக்கு, ஒரு கட்டடம், ஒரு விதி என்று தொடர்பு அறாமல் வந்ததால்தான் இந்த ஆராய்ச்சிக்கே வழி கிடைத்தது. யாரோ ஒரு பிள்ளையின் பரணில் கிடந்திருந்தால் டோடோ என்ற பெயர்கூட அதோடு வந்திருக்காது.

ஆக்ஸ்ஃபர்டு கதை ஒரு பல்கலைக்கழகத்தோடு முடிந்தது. ஒரு தேசத்தின் பெயரிலேயே மியூசியம் வந்தது அடுத்த நூற்றாண்டில். அதிலும் மையத்தில் இருப்பது ஓர் உயில். ஹான்ஸ் ஸ்லோன் லண்டனின் பெரிய மருத்துவர். ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் ஓடிய கரும்புத் தோட்டங்களின் வருமானம் மனைவி வழியில் வந்தது. அந்தப் பணத்தில் 71,000 பொருட்களுக்கு மேல் சேர்த்தார். தனித்தனி ஆட்கள் சேர்த்தவற்றை மொத்தமாக வாங்கி விழுங்குவது அவர் பாணி. சென்னை ஜார்ஜ் கோட்டையில் கம்பெனியின் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன், 1690களில் சுற்றுவட்டாரச் செடிகளைப் பறித்து உலர்த்தி, உள்ளூர்த் தமிழ்ப் பெயர்களோடு லண்டனிலிருந்த மருந்து வணிகர் ஜேம்ஸ் பெட்டிவருக்கு அனுப்பி வந்தார். 1718இல் பெட்டிவர் இறந்ததும் அவர் தொகுப்பு முழுவதையும் ஸ்லோன் வாங்கிக்கொண்டார். நம்மூர் இலை தழைகள் இப்படித்தான் அந்தக் கடலில் கலந்தன. அவருடைய உலர்செடி ஏடுகள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்தில் இருக்கின்றன.

ஸ்லோனுக்கு மகள்கள் உண்டு, மகன் இல்லை. அவர் எழுதிய உயில் ரொம்பக் கெட்டிக்காரத்தனமானது. தொகுப்பை எங்கும் பிரிக்கக் கூடாது. மகள்களுக்கு 20,000 பவுண்டு கொடுத்துவிட்டு அரசு எடுத்துக்கொள்ளலாம். உண்மை மதிப்பு அதைப்போல் பல மடங்கு. வேண்டாம் என்றால் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பாரிஸ், பெர்லின், மாட்ரிட் நகரங்களின் அறிவியல் கழகங்களுக்குக் கேட்டுப் பார்ப்பார்கள். ரஷ்யனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் போகட்டுமா என்று கேட்டால் எந்த ஆங்கிலேய எம்.பி.க்கு மனம் வரும்? 1753 ஜனவரியில் ஸ்லோன் இறந்தார். கஜானாவில் இருபதாயிரம் பவுண்டு இருக்குமா என்றே சந்தேகம் என்று மன்னர் கைவிரித்ததாக, உயிலின்படி பொறுப்பேற்றவர்களில் ஒருவரான ஹொரேஸ் வால்போல் கேலியாக எழுதினார். ஆனாலும் அந்த ஜூனிலேயே பாராளுமன்றம் சட்டம் போட்டது.

பணத்துக்கு லாட்டரி நடத்தினார்கள். மூன்று பவுண்டு விலையில் ஒரு லட்சம் சீட்டு, மொத்த வசூல் மூன்று லட்சம், பரிசாக இரண்டு லட்சம் போக மிச்சம் மியூசியத்துக்கு. ஒருவர் இருபது சீட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று விதி. லாட்டரியை நடத்திய பீட்டர் லெஹூப் என்ற அதிகாரியே போலிப் பெயர்களில் சீட்டுகளை அள்ளி மொத்த வியாபாரிகளிடம் தள்ளிவிட்டார். மாட்டிக்கொண்டபோது ஆயிரம் பவுண்டு அபராதம் கட்டினார். சம்பாதித்ததோ அதைவிடப் பல மடங்கு. இப்படி வந்த பணத்தில்தான் மான்டேகு மாளிகையை 10,250 பவுண்டுக்கு வாங்கி, 1759 ஜனவரி 15இல் பிரிட்டிஷ் மியூசியத்தைத் திறந்தார்கள்.

சொத்து இப்போது தேசத்துடையது. அனுமதி இலவசம். ஆனால் உள்ளே போவது ஆக்ஸ்ஃபர்டைவிடக் கடினம். பெயர், தகுதி, விலாசம் எழுதி முதலில் விண்ணப்பிக்க வேண்டும். அதை நூலகர் ஏற்ற பிறகு வந்து சீட்டு வாங்க வேண்டும். குறித்த நாளில் மறுபடி வர வேண்டும். சாதாரண மக்கள் விடுமுறை நாட்களில் கூட்டமாக வந்தால் கட்டுப்படுத்த முடியாது என்று அறங்காவலர்களில் ஒருவரான ஜான் வார்டு திறப்பதற்கு முன்பே கவலை தெரிவித்திருந்தார். உஃபென்பாக்கின் எரிச்சல் இங்கே அலுவலக விதியாகவே ஆகிவிட்டது.

1784இல் பர்மிங்ஹாம் புத்தக வணிகர் வில்லியம் ஹட்டன் அதை அனுபவித்தார். வரிசையில் காத்திருக்க நேரமில்லாமல், சீட்டு வைத்திருந்த ஒருவரிடம் ஏறக்குறைய இரண்டு ஷில்லிங் கொடுத்து வாங்கினார். இலவச மியூசியத்துக்குக் கள்ளச் சீட்டு. பத்துப் பேர் கொண்ட குழுவை ஒரு வழிகாட்டி அறை அறையாக ஓட்டிக்கொண்டு போனார். பொருட்களில் விளக்கச் சீட்டு எதுவும் இல்லை. இதெல்லாம் என்ன என்று ஹட்டன் கேட்டதற்கு, ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று பதில் வந்தது. அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் மாளிகை முழுவதும் முடிந்து வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆறு பென்ஸுக்கு லாம்பெத்தில் ஒரு நாள் முழுக்கப் பார்த்த மண்டியை நினைத்துக்கொண்டால் ஹட்டனின் கோபம் புரியும்.

சீட்டு முறை 1810இல் தளர்ந்தது. வாரத்தில் மூன்று நாள், கண்ணியமான தோற்றத்தில் வரும் யாரும் உள்ளே போகலாம் என்றார்கள். தோற்றத்தை வாசல்காரர் தீர்மானிப்பார். விடுமுறை நாட்களில் மட்டும் கதவு மூடியே இருந்தது. உழைப்பவனுக்கு ஓய்வு கிடைப்பதே அன்றுதான். 1830களில் பாராளுமன்றக் குழு ஒன்று இதையெல்லாம் தோண்டித் துருவி விசாரித்தது. அதற்குப் பிறகு 1837 ஈஸ்டர் திங்களன்று முதல் முறையாகக் கதவைத் திறந்துவிட்டார்கள். அந்த ஒரே நாளில் 23,000க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். ஜான் வார்டு பயந்த அதே கூட்டம்தான். பார்த்துவிட்டு, எதையும் உடைக்காமல், வீட்டுக்குப் போனது.